பவானிக் கண்ணாடியும் அதன் சாபமும்

ஞாயிறு, கோயம்புத்தூர்

எங்கள் பழம்பொருள் கடையில் விற்றுத் திரும்பி வந்த பொருள்கள் அதிகம் இல்லை. பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்து, பேரம் பேசி, நல்ல நாளும் பார்த்துத்தான் எடுத்துப் போவார்கள். எடுத்துப் போனதைத் திருப்பிக் கொடுப்பது தங்களுக்கே குறைச்சல் என்று நினைப்பார்கள். ஆனால் பின்னறைச் சுவரில் சாய்ந்து நிற்கும் இந்த ஆளுயரக் கண்ணாடி காங்கேயத்திலிருந்தும் வந்துவிட்டது, தாராபுரத்திலிருந்தும் வந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் பணத்தைக் கேட்கவில்லை. வண்டி வாடகையைக்கூடத் தாங்களே கொடுத்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

தேக்குச் சட்டம், உச்சியில் கஜலட்சுமி, இரு பக்கமும் கொடி வேலைப்பாடு. கண்ணாடியின் முகத்தில் இலேசான நீலச் சாம்பல் நிறம் ஓடுகிறது. கீழ் விளிம்பை ஒட்டி அம்மைத் தழும்பைப் போலக் கறுத்த புள்ளிகள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் தடித்த பழைய கண்ணாடி எல்லாவற்றையும் பெல்ஜியம் கண்ணாடி என்றே சொல்லி விற்போம். அதற்குச் சான்று கேட்டால் பெரும்பாலும் எவரிடமும் இருக்காது என்பதால், இதைப் பவானிக் கண்ணாடி என்று மட்டுமே நான் சொல்வது வழக்கம்.

பவானியில் ஒரு ஜமக்காள வியாபாரியின் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது என் அப்பா இதை வாங்கினார். மூத்தவர் விற்றார்; இளையவருடைய மனைவிக்கு அதில் சம்மதம் இல்லை. வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மாள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றி, "இது போற வீடு வெளங்காது" என்று சொன்னதை அப்பா தம் காதாலேயே கேட்டிருக்கிறார். அதை மறைத்து அவர் ஒருநாளும் விற்றதில்லை. "இப்படியொரு வாக்கு இருக்குதுங்க, தெரிஞ்சு வாங்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அப்பாவுக்குப் பின் நானும் அப்படியே சொல்லி வந்தேன். சொன்னதனால் விலை குறையவில்லை, ஏறியது. கதை உள்ள பொருளைத் தேடி வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது பொள்ளாச்சியில் மணப்பெண் அலங்கார நிலையம் தொடங்கப் போகும் ஒரு பெண்மணி இதற்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். ஏசி போட்ட சிறிய அறை. மணப்பெண்கள் நகை பூட்டி உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே இதை வைக்கப் போவதாகச் சொன்னார். சாபத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "அதெல்லாம் பாத்துக்கலாமுங்ணா" என்று சிரித்தார். கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், இது இருந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போய், என்ன நடந்தது என்பதை அவரவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நாளைக் காலை தாராபுரத்திலிருந்து தொடங்குகிறேன். அன்றன்று கேட்டதை அன்றன்றே இங்கே எழுதுவேன்.

திங்கள், தாராபுரம்

பல்லடம் வழியாகக் குண்டடம் வந்து, வடுகநாதர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தாராபுரத்துக்குள் நுழைவதற்கு முன்பே தென்னந்தோப்புக்குள் அந்தப் புது வீடு இருக்கிறது. சன்னல்கள் எல்லாம் கண்ணாடி போட்டு அடைத்தவை. படுக்கையறையில் இரவும் பகலும் ஏசி ஓடுகிறது.

கண்ணாடி இருந்தது அந்தப் படுக்கையறையில்தான். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆன அந்தப் பெண் மெலிந்திருந்தார். பேச்சைத் தொடங்குவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. தூக்கம் வராமல் போனது, வாயில் எப்போதும் செம்புக் காசு சப்பியதைப் போன்ற ருசி இருந்தது, பல் துலக்கினால் ஈறில் இரத்தம் வந்தது, சின்னச் சொல்லுக்கும் அழுகை வந்தது. "இதெல்லாம் ஒண்ணொண்ணா வந்ததால கண்ணாடியோட சேர்த்து யாரும் நெனைக்கலீங்க. தாலி வெளுத்தப்பத்தான் எல்லாரும் பயந்துட்டாங்க" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் குனிந்து கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தைத் துணியால் துடைத்திருக்கிறார். தாலிக்கொடி முன்னால் சரிந்து சட்டத்தின் உதட்டில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தாலியின் கீழ்ப்பாதி தங்க நிறம் போய் ஈயம் பூசியதைப் போல வெளுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மாமியார் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதாராம். கட்டிய தாலி வெளுத்தால் என்ன பொருள் என்று நம் வீடுகளில் எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அன்று மாலையே கண்ணாடியைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கிவிட்டார்கள். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

தாலி இப்போது மஞ்சளாகவே இருந்தது. எப்படி என்று கேட்டேன். கடைவீதியில் ஒரு பத்தர் சரிசெய்து கொடுத்தாராம். மாலையில் அவரிடம் போனேன். வயதானவர், ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரசம் ஏறியிருந்ததுங்க. பாதரசம் பட்டா பவுன் அதைக் குடிச்சுரும், உடனே வெளுத்துரும். சூடு காட்டினா ரசம் ஆவியாப் போயி பழைய நெறம் வந்துரும். வீட்டுக்குள்ள பண்ணக் கூடாதுங்க, அந்த ஆவி ஆகாது. நான் வெளியே எடுத்துப் போயி, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுதான் பண்ணுனேன். பதறாதீங்கன்னு அவங்ககிட்டச் சொன்னேன், யாரு கேக்குறாங்க?"

பழைய கண்ணாடிகளில் இரண்டு வகை உண்டு என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். 1835இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்ணாடியின் மீது வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றைய கண்ணாடித் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு முன் பல நூறு ஆண்டுகளும், அதற்குப் பின் சில பத்தாண்டுகளும் நடந்தது வேறு முறை. வெள்ளீயத்தைத் தாளாகத் தட்டி விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை அதன்மீது நகர்த்திப் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி, மிஞ்சிய ரசம் வடிவதற்காகச் சிறிது சிறிதாகச் சாய்த்து வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு முழுவதுமாக இறுகுவதே இல்லை. நூறாண்டு கடந்தாலும் அதற்குள்ளிருந்து ரசம் பிரிந்து, மெல்லக் கீழே இறங்கி, விளிம்பில் துளியாகத் தேங்கும்.

என் கண்ணாடியின் முதுகு என்னிடம் வந்தபோதே ஒட்டுப்பலகை வைத்து ஆணியடித்து மூடப்பட்டிருந்தது. எந்த வகை என்பதை முகத்தை வைத்து ஊகிக்கலாம்; முதுகைப் பார்த்தால்தான் உறுதியாகும். ஆனால் அந்தத் தாலியே ஏறக்குறைய உறுதி செய்துவிட்டது. இரவு அந்தப் பெண்ணின் கணவரை அழைத்து, நாளையே மருத்துவரிடம் போய், வீட்டில் பாதரசக் கண்ணாடி இருந்தது என்ற செய்தியை முதலில் சொல்லி, சிறுநீரில் பாதரசம் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள் என்றேன். அதைச் சொல்லாவிட்டால் இரத்தசோகை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய், காங்கேயம்

தாராபுரத்திலிருந்து வடக்கே வரும்போது ஊதியூர் மலை வருகிறது. கொங்கணச் சித்தர் ரசவாதம் செய்து பொன் ஊதிய மலை என்று அதைப் பொன்னூதி மலை என்பார்கள். பத்தரின் பேச்சு காதில் இருந்ததால், வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காங்கேயத்தில் கண்ணாடியை வாங்கியவர் கொப்பரை வியாபாரி. உலர்களம் நிறையத் தேங்காய் உடைத்துக் கவிழ்த்திருந்தார்கள். களத்தை ஒட்டிய தகரக்கூரைச் சிற்றறைதான் அவருடைய கணக்கறை. மேற்குச் சுவரில், பின்வெயில் நேராக அடிக்கும் இடத்தில், அவர் உட்காரும் மேசைக்குப் பின்னால் கண்ணாடியை மாட்டி வைத்திருந்தாராம். களத்தில் நடப்பதைத் திரும்பாமலே பார்க்கலாம் என்பதற்காக, மேசைக்கு முன்னால் இன்னொரு சிறிய கண்ணாடியும் இருந்திருக்கிறது. பணம் இருக்கும் அறை என்பதால் சன்னலை அடைத்தே வைத்திருப்பார்.

இந்த மனிதரைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தது, அவர் சித்தம் கலங்கிப் போனார் என்பதுதான். நேரில் பார்த்தால் தெளிவாக இருக்கிறார், நிதானமாகப் பேசுகிறார். அவருடைய மனைவிதான் முதலில் சொன்னார்: "அந்தக் காலத்துல யாராச்சும் வந்தா எந்திரிச்சு உள்ள போயிருவாருங்க. சம்பந்தி வந்தாக்கூடப் பேசமாட்டாரு. பேசினா சண்டைதான். அதுக்கு முன்னாடி ஊர்க் கல்யாணமெல்லாம் முன்ன நின்னு நடத்துனவருங்க."

அவர் எழுந்து போய்ப் பழைய பேரேடுகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வார்த்தையால் சொல்வதைவிட இதைப் பாருங்கள் என்பதைப்போல வைத்தார். கண்ணாடி வருவதற்கு முந்தைய ஆண்டின் பேரேட்டில் எழுத்துகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ழகரத்தின் கீழ்ச்சுழி ஒவ்வொரு இடத்திலும் ஒரே அச்சாக இருக்கிறது. கண்ணாடி வந்த இரண்டாம் ஆண்டில் அந்தச் சுழியின் கோடு பல்பல்லாக உடைகிறது. மூன்றாம் ஆண்டில் எண்கள் கட்டத்தைத் தாண்டிப் போகின்றன. ஓரிடத்தில் கையெழுத்துப் போட முயன்று, விட்டு, மறுபடி முயன்றிருக்கிறார். அதற்குப் பிறகு வேறொருவர் கணக்கு எழுதியிருக்கிறார். கண்ணாடி போய் ஓராண்டுக்கும் பிறகு அவருடைய எழுத்து மீண்டும் தொடங்குகிறது. முதலில் பெரிய பெரிய எழுத்தாக, பின்பு சிறிது சிறிதாக ஒழுங்குக்கு வருகிறது. பழைய அழகு முழுவதும் திரும்பவில்லை.

பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்குவதும், மனிதரைக் கண்டால் கூசி ஒதுங்குவதும், காரணமில்லாமல் கோபம் வருவதும், ஈறு வீங்குவதும் மருத்துவம் அறிந்த அடையாளங்கள். அந்த ஆவிக்கு மணம் கிடையாது, நிறமும் கிடையாது. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஆவி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தகரக்கூரையின் கீழ், சித்திரை வெயிலில், சன்னலை அடைத்துக்கொண்டு அவர் அங்கே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் உதவியது. வாங்கிய புதிதில் சட்டத்தின் அடியில் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததாம். "வெள்ளியாட்ட துளித்துளியா பேரேட்டு மேல விழுந்து உருளுமுங்க. கணக்குப்புள்ளை பயந்துட்டான். ஆசாரியைக் கூப்பிட்டு ஓட்டையில மக்கு வெச்சு அடைச்சு, பின்னாடியும் பலகை போட்டு மூடச் சொன்னேன். அப்பறம் துளி விழுகலீங்க." நிலைமை மோசமானது அதற்குப் பிறகுதான் என்பதைப் பேரேட்டின் தேதிகளை வைத்து நாங்கள் இருவரும் சேர்ந்தே சரிபார்த்தோம். வெளியே வடிய வழியில்லாமல் போன ரசம் சட்டத்துக்குள் தேங்கி, முன்பக்க உதடு வரை ஏறி நின்றிருக்கிறது. தாராபுரத்துத் தாலி தொட்டது அதைத்தான்.

புறப்படும்போது அவரிடம் ஒரு பை கந்தகப் பொடி கேட்டு வாங்கிக்கொண்டேன். கொப்பரைக்குப் பூசணம் பிடிக்காமலிருக்கப் புகைபோட இங்கே கந்தகம் வைத்திருப்பார்கள். எனக்கு அது வேறொரு வேலைக்குத் தேவைப்படும்.

புதன், பவானி

சென்னிமலை, ஈரோடு வழியாகப் பவானி. கூடுதுறையில் தண்ணீர் கலங்கி ஓடியது. படித்துறையில் நிற்காமல் நேராக அந்த வீட்டைத் தேடிப் போனேன்.

வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூத்தவர் பங்கு இடிக்கப்பட்டு மாடிக்கட்டடமாக நிற்கிறது. இளையவர் பங்கில் பழைய தொட்டிக்கட்டின் ஒரு பாதி அப்படியே இருக்கிறது: நடுவில் வானம் பார்த்த முற்றம், அதை ஒட்டி ஆசாரம், ஓட்டுக்கூரை. மண் வாரித் தூற்றிய அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். நான் இன்னாருடைய மகன் என்று சொன்னதும் கை நின்றுவிட்டது.

"கண்ணாடிக்காரரு மகனா? வா சாமி, உக்காரு."

அவரைத் திட்டுவதற்காகவோ குற்றம் சாட்டுவதற்காகவோ நான் வந்திருப்பதாக நினைத்துவிட்டார். காங்கேயத்துச் செய்தியும் தாராபுரத்துச் செய்தியும் சொந்தக்காரர்கள் வழியாக அவருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் கூடுதுறைக்குப் போய் முழுகி, சங்கமேசுவரர் சந்நிதியில் விளக்குப் போடுகிறாராம். "எம்பட வாயி சாமி. அந்தப் புள்ளைகளுக்கும் எனக்கும் என்ன பகை? ஆத்திரத்துல சொன்னது, அவங்களைப் போயிப் புடிச்சுக்கிச்சு" என்றார்.

நான் உடனே எதுவும் விளக்கவில்லை. கண்ணாடி இந்த வீட்டில் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன். ஆசாரத்தின் கிழக்குச் சுவரைக் காட்டினார். முற்றத்துக் காற்று நேராக வந்து மோதும் இடம். நண்பகலிலும் வெயில் படாது. அவர் மருமகளாக வந்ததிலிருந்து பாகப்பிரிவினை வரை அது அங்கேதான் இருந்திருக்கிறது. வீட்டில் எவருக்கும் கை நடுங்கியதாகவோ, எவருடைய நகையும் வெளுத்ததாகவோ அவருக்கு நினைவில்லை.

"நகை எப்பிடி வெளுக்கும்? அதைத் தொடவே உட மாட்டாரே எங்க மாமனாரு. கீழ்ச்சட்டத்துக்கிட்டப் பொம்பளைக போகக் கூடாதும்பாரு. அவரேதான் தொடைப்பாரு. அடியில கொக்கி மாட்டி ஒரு பீங்கான் கிண்ணம் தொங்கும். அதுல பாதிக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருப்பாரு. கண்ணாடி அழுவுது, கண்ணீரு கீழ விழுகக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லுவாரு. ஏதோ சாமி தீர்த்தமாட்ட நாங்க நெனைச்சுக்குவோம். வருசத்துக்கு ஒருக்கா அதை வடிச்சு வைத்தியருக்குக் குடுத்துருவாரு."

உள்ளே போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்கும் நீலக்கோடு போட்ட கிண்ணம். விளிம்பில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தடம் இருக்கிறது. கண்ணாடி விற்கப்பட்ட நாளில் இது மட்டும் சமையலறையில் தங்கிவிட்டதாம்.

அந்த மாமனார் பள்ளிக்கூடமே போகாதவர் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடியிலிருந்து வருவது என்ன, அதை என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, முழுவதும் சரியாகச் செய்திருக்கிறார். துளி விழுவதற்கு வழி வைத்திருக்கிறார். விழுந்த துளிமேல் தண்ணீர் நின்றால் ஆவி எழும்புவது வெகுவாகக் குறையும். திறந்த முற்றத்தில் மிச்சமிருக்கும் ஆவியும் கலைந்து போய்விடும். தங்கம் போட்ட கைகள் அந்தப் பக்கம் வராமலும் பார்த்துக்கொண்டார். பாகப்பிரிவினையில் கண்ணாடி ஒரு பக்கமும் கிண்ணம் ஒரு பக்கமும் போயின. கூடவே போக வேண்டிய அந்த வழக்கத்தைச் சொல்லி அனுப்பும் அளவுக்கு அன்று அந்த வீட்டில் எவரும் எவருடனும் பேசும் நிலையில் இல்லை.

எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொன்னேன்: காங்கேயத்து மக்கு, தகரக்கூரை, தாராபுரத்து ஏசி அறை, பத்தர் சொன்னது. பொறுமையாகக் கேட்டார். "அப்ப எம்பட வாக்குல ஒண்ணும் இல்லீங்கறியா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை ஆத்தா என்றேன். கொஞ்ச நேரம் கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா அன்னிக்கு வாயை மூடிட்டு, இந்தக் கிண்ணத்தை எடுத்துக் குடுத்து இன்ன மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு இது வந்திருக்காது. அது எம்மேலதானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரிசியும் பருப்பும் சோறு போட்டு, நெய் ஊற்றி, சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்காரவைத்தார். தாராபுரத்துப் பெண்ணோடு ஒருமுறை பேச வேண்டும் என்றார். அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழன், கோயம்புத்தூர்

வெயில் ஏறுவதற்கு முன், கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் சட்டத்தைப் பிரித்தோம். எங்கள் ஆசாரி மோதிரத்தையும் அரைஞாணையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார். இருவரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டோம். இந்த வகைக் கண்ணாடியைப் படுக்கவைக்கக் கூடாது, தலைகீழாகத் திருப்பவும் கூடாது. அடியில் தேங்கிய ரசம் முதுகெங்கும் ஓடிப் பூச்சைக் கரைத்துவிடும். அதனால் நின்ற நிலையிலேயே, கீழே அகலமான பிளாஸ்டிக் தொட்டி வைத்து வேலை செய்தோம்.

ஒட்டுப்பலகையை எடுத்ததும் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. வெள்ளி பூசிய கண்ணாடியாக இருந்தால் முதுகில் பாதுகாப்புக்குச் சாயமோ அரக்கோ பூசியிருப்பார்கள். இங்கே சாயம் இல்லை. வெறும் சாம்பல் நிற உலோகம், பொடி உப்பைத் தூவியதைப் போல மினுங்கியது. கீழ்ச்சட்டத்தின் உட்புறம் நெடுக ஒரு காடி செதுக்கப்பட்டிருக்கிறது, இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிகிறது, நடுவில் துளை. அதன் பக்கத்தில் பித்தளைக் கொக்கி ஒன்று சாயத்துக்குள் புதைந்து கிடந்தது. துளையில் மக்கு கல்லாக இறுகியிருந்தது.

ஆசாரி மெல்லிய துளையூசியால் மக்கைக் குத்தி எடுத்தார். முதலில் கறுப்பாகத் தூசு வந்தது. பிறகு ஒரு துளி எட்டிப்பார்த்து, பெருத்து, விழுந்தது. அதன் பின்னாலேயே இழையாக இறங்கியது. தொட்டியில் விழுந்த வேகத்தில் நூறாகச் சிதறி, ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே தட்டையான உருண்டையாக நின்றது. சிறிய மருந்துக் குப்பியில் ஊற்றினால் கால்பாகம்கூட இல்லை. ஆனால் தூக்கியபோது ஆசாரியின் கை கீழே இழுத்தது. தண்ணீரைப் போல 13.6 மடங்கு எடை கொண்டது பாதரசம். அதன்மேல் தண்ணீர் ஊற்றி மூடி இறுக்கினோம். காடியில் ஒட்டியிருந்த பொடித்துளிகளை இரண்டு கெட்டி அட்டைகளால் ஒதுக்கி எடுத்தோம். துடைப்பத்தால் பெருக்கினால் துளி இன்னும் பொடியாகி எங்கும் பரவிவிடும். அட்டைக்கும் அகப்படாத இடுக்குகளில் காங்கேயத்துக் கந்தகத்தைத் தூவி வைத்தோம். கந்தகம் ரசத்தோடு மெல்லச் சேர்ந்து, ஆவியாகாதபடி அதைப் பிடித்துக்கொள்ளும்.

கண்ணாடித் தகட்டைத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, விளிம்பையெல்லாம் ஒட்டி, மரக்கூட்டுக்குள் நிற்கவைத்து, ஆள் புழங்காத கொட்டகையில் வைத்திருக்கிறேன். அது இனி விற்பனைக்கு இல்லை. குப்பியையும் தகட்டையும் அபாயக் கழிவாக எப்படி ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வெள்ளி, கோயம்புத்தூர்

தாராபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்ணின் சிறுநீரில் பாதரசம் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருக்கிறது. கண்ணாடியை அகற்றியாகிவிட்டது, உடம்பு தானாகவே மெல்ல வெளியேற்றும், பாதியாகக் குறையவே மாதக்கணக்கு ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவு செய்வோம் என்றாராம். அறையின் தரையையும் சன்னல் இடுக்கையும் துளி கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். சாய்வாக வெளிச்சம் அடித்தால் ரசம் எங்கே இருந்தாலும் மின்னும். கட்டிலின் காலடியில் இரண்டு துளி கிடைத்திருக்கிறது.

பவானி அம்மாள் பேச விரும்புவதைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். "பேசட்டுமுங்க, பாவம் வயசானவங்க" என்றார். மாலையில் இருவரும் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சனி, பொள்ளாச்சி

தேக்குச் சட்டத்தைக் கழுவி உலர்த்தி, காடியின் உட்புறம் முழுவதையும் இழைத்து எடுத்து அந்தச் சீவலையும் மரக்கூட்டில் சேர்த்துவிட்டு, அரக்கு மெருகு பூசி, புதிய கண்ணாடி பொருத்திப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தேன். அலங்கார நிலையத்தின் அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. நான்கு பெண்கள் காலை முதல் இரவு வரை அங்கே வேலை செய்யப் போகிறார்கள். கழுத்து நிறைய நகையோடு ஒவ்வொரு மணப்பெண்ணும் கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் உட்காருவார்.

"பழைய கண்ணாடி எங்கீங்ணா? அதுக்குத்தானே அட்வான்ஸ் குடுத்தேன்" என்று கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பேசிய விலையில் பாதிக்கும் கீழே சட்டத்துக்கு மட்டும் போட்டிருந்த ரசீதையும், மிச்ச முன்பணத்தையும் மேசைமேல் வைத்தேன். ரசீதின் கீழே, பழைய தகடு பாதரசப் பூச்சு உடையது, விற்கப்படவில்லை என்று எழுதியிருந்தேன். அவர் ரசீதை இரண்டு முறை படித்தார். பணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முகம் மாறி, ஆனைமலையில் தம் சின்னம்மா வீட்டிலும் இதே மாதிரி நீலம் பாய்ந்த பெரிய கண்ணாடி இருக்கிறது என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பூசையறையில், சன்னல் இல்லாத அறை, கீழே விளக்கு எரியும் என்றார்.

அங்கிருந்தே சின்னம்மாவுக்குப் போன் போட்டோம். விளக்கை வேறு இடத்துக்கு மாற்றி, கதவைத் திறந்து வைத்து, பின்பக்கம் சாயம் பூசியிருக்கிறதா, வெறும் உலோகமாக இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். கையால் எதையும் தொடவேண்டாம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். சாயம் இல்லையாம். திங்கள்கிழமை காலை ஆசாரியையும் அழைத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போகிறேன்.